பொன்னியின் செல்வன் ஐந்து பாகம்: ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எதைக் கொண்டுபோக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் நூலகத்திலிருந்து பாகம் பாகமாக எடுத்துப் படிக்கிறேன். அடுத்த பாகம் கைக்கு வர ஒரு மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் பாதி மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் மறப்பது கதை இல்லை. கடம்பூர் மாளிகையும், குடந்தை சோதிடர் வீடும், ஈழத்துக் காடும் எல்லோருக்கும் நினைவிருக்கும். "இந்த விஷயம் இவனுக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா?" என்பதுதான் கலைந்துபோகும். இந்த நாவல் ஓடுவதே அந்தக் கேள்வியின் மேல்தான். ஒருவர் மறைந்து நின்று கேட்கிறார், இன்னொருவர் பாதி கேட்கிறார், மூன்றாமவர் தப்பாகப் புரிந்துகொண்டு நூறு அத்தியாயம் அதையே நம்புகிறார். அதனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எது தெரியும், யார் கையில் என்ன பொருள், யார் யாருக்குக் கொடுத்த வாக்கு இன்னும் நிற்கிறது என்ற நான்கும் போதும். எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கீழே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நான்காம் பாகம் வரை உள்ள சில திருப்பங்களை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாம் பாகத்தில் அவிழும் பிறப்பு ரகசியங்களைத் தொடவில்லை.

ஐந்து பாகத்துக்கும் சேர்த்து ஒரே கதைதானா, இல்லை ஒவ்வொன்றும் தனிக் கதையா?

ஒரே கதை. ஒரே ஒரு கேள்விதான் அதன் முதுகெலும்பு: நோயில் படுத்திருக்கும் சுந்தர சோழருக்குப் பிறகு அரியணை யாருக்கு? முதற் பராந்தகரின் மூத்த மகன் இராஜாதித்தன் 949-ல் தக்கோலத்தில் இறந்தார். அடுத்த மகன் கண்டராதித்தர் அரசரானார். அவருக்குப் பின் தம்பி அரிஞ்சயரின் கிளைக்கு ஆட்சி போனது. சுந்தர சோழர் அரிஞ்சயரின் மகன். கண்டராதித்தரின் மகன் மதுராந்தகன் இப்போது வளர்ந்து நிற்கிறான். மூத்த கிளைக்கா, இளைய கிளைக்கா? இந்த வழக்கு முதல் பாகத்தின் நள்ளிரவுக் கூட்டத்தில் எழுகிறது, கடைசிப் பாகத்தில்தான் தீர்கிறது.

ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் கைவேலையாக ஒரு சின்னக் காரியம் இருக்கிறது. முதல் பாகத்தில் வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொடுத்த இரண்டு ஓலைகளைக் கொண்டுசேர்க்க வேண்டும், ஒன்று தஞ்சையில் அரசரிடம், மற்றது பழையாறையில் கரிகாலனின் தங்கை குந்தவையிடம். இரண்டாம் பாகத்தில் ஈழத்திலிருந்து சுந்தர சோழரின் இளைய மகன் அருள்மொழியை அழைத்துவர வேண்டும். மூன்றாம் பாகத்தில் அவரை மறைத்துவைக்க வேண்டும். நான்காம் பாகத்தில் கரிகாலன் கடம்பூருக்கு வருகிறான், அதைத் தடுக்கவோ, இல்லாவிட்டால் அவன் பக்கத்திலேயே நிற்கவோ வேண்டும். சின்னக் காரியம் அந்தந்தப் பாகத்தில் முடியும், பெரிய வழக்கு முடியாது. ஒரு பாகத்தை மூடும்போது முடிந்த காரியத்தைக் குறிக்காதீர்கள். அந்தக் காரியத்தால் பெரிய வழக்கில் யார் கை ஓங்கியது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் இளவரசர் உயிர் பிழைப்பது அந்தப் பாகத்துக்கு வெற்றி. பெரிய வழக்கிலோ அவர் கடலோடு போய்விட்டார் என்று நாடே நம்புவதால் மதுராந்தகன் பக்கம் வலுக்கிறது.

பாகங்கள் ஏன் நடுவழியில் அறுந்த மாதிரி முடிகின்றன?

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் இது. அதன் அலகு அத்தியாயம்தான். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி போட்டுவிட்டு நிற்கும். பாகத்தின் கடைசி அத்தியாயமும் அதே பழக்கத்தில்தான் நிற்கிறது, ஆற அமர மூச்சு வாங்கும் இடமாக இல்லை. முதல் பாகம் முடியும்போது குந்தவையின் ஓலை ஈழத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. இரண்டாம் பாகத்தைத் திறந்தால் கோடிக்கரையில் பூங்குழலி என்ற புதுப் பெண் படகோடு நிற்கிறாள். தப்பான புத்தகத்தைப் பிரித்துவிட்டோமோ என்று முதல் முறை படிப்பவர்களுக்கு ஒரு கணம் தோன்றும். முடிந்தால் அடுத்த பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு இடைவெளி விடுங்கள். பாகத்தின் கடைசிப் பக்கத்தில் நிறுத்துவதைவிட அது எளிதில் நினைவில் நிற்கும்.

"யாருக்கு எது தெரியும்" என்று எழுதச் சொல்கிறீர்கள். ஒரு எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள இணைப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகத்திலும் அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான்.

நடந்தது இது: அருள்மொழி ஈழத்திலிருந்து கரிகாலனின் நண்பன் பார்த்திபேந்திரனின் கப்பலில் வருகிறார். புயலில் இன்னொரு கப்பல் எரிகிறது, அதில் வந்தியத்தேவன் சிக்கியிருக்கிறான். அவனைக் காப்பாற்ற இளவரசர் கடலில் இறங்குகிறார். பார்த்திபேந்திரன் அவரைத் தொலைத்துவிடுகிறான். பூங்குழலி படகோடு வந்து இருவரையும் மீட்கிறாள்.

இப்போது நோட்டில் "இளவரசர் உயிரோடு இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே தெரிந்தவர்களின் பெயர்களைப் போடுங்கள். பாகம் முடியும்போது அதில் பூங்குழலியும் வந்தியத்தேவனும் மட்டும் இருப்பார்கள். எதிர்ப் பக்கத்தில் "இறந்துவிட்டார் என்று நம்புகிறவர்கள்" என்று பார்த்திபேந்திரனை எழுதுங்கள். அவன் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். அதனால்தான் அவன் சொன்னதும் ஊர் நம்பிவிடுகிறது.

மூன்றாம் பாகம் முழுவதும் இந்த இரண்டு பட்டியலும் மாறிக்கொண்டே போவதுதான். காய்ச்சலில் கிடக்கும் இளவரசரைப் பூங்குழலியும் சேந்தன் அமுதனும் கால்வாய் வழியாக நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அமுதன் பெயரும் பிட்சுக்களும் முதல் பட்டியலில் சேர்கிறார்கள். வந்தியத்தேவன் பழையாறைக்கு வந்து சொல்ல, குந்தவை சேர்கிறாள். இரண்டாவது பட்டியலோ ஊர் ஊராக நீள்கிறது. இந்தப் பாகத்தில் ஒரு காட்சி குழப்பினால், பேசுகிறவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று பாருங்கள். இளவரசருக்காக மக்கள் கொதித்தெழும்போது உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காமல் நிற்பவர் யார் என்று பார்த்தால், அந்தக் காட்சியின் சூடு தனியாகத் தெரியும்.

முதல் பாகத்தில் வந்து, ரொம்ப நாள் காணாமல் போய், பிறகு முளைக்கும் விஷயங்கள் எவை?

கந்தமாறன். இவனை ஒருவரும் குறித்துவைப்பதில்லை, நான்காம் பாகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் பாகத்தில் இவன் வந்தியத்தேவனின் உயிர் நண்பன். கடம்பூரில் தன் வீட்டில் தங்கவைத்தவன். பிறகு தஞ்சையில், சுரங்கப் பாதையில் யாரோ இவன் முதுகில் குத்துகிறார்கள். குத்தச் சொன்னது யார் என்று வாசகருக்குத் தெரியும். காயம்பட்டவனைத் தூக்கிப்போய்ச் சேந்தன் அமுதன் வீட்டில் சேர்த்தது வந்தியத்தேவன். கந்தமாறனுக்கு இந்த இரண்டுமே தெரியாது. நண்பன்தான் குத்தினான் என்று நம்புகிறான். அப்புறம் பழுவூர் மாளிகையில் பெரிய பழுவேட்டரையரின் மனைவி நந்தினியின் கவனிப்பில் தேறுகிறான், அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்படுகிறது.

இரண்டாம் பாகம் கடலிலும் ஈழத்திலும் ஓடுவதால் இவனை மறந்துவிடுவோம். நான்காம் பாகத்தில் எல்லோரும் மறுபடி அதே கடம்பூர் மாளிகையில் கூடுகிறார்கள். இப்போது விருந்தினனை விரோதியாகப் பார்க்கும் வீட்டுக்காரன் இவன். இவன் தங்கை மணிமேகலை மனம் வைத்திருப்பதோ அதே வந்தியத்தேவன் மேல். முதல் பாகத்துக் குத்து நினைவில் இல்லாவிட்டால் அவன் கோபம் காரணமில்லாத முரட்டுத்தனமாகத் தெரியும். பாகத்துக்குப் பாகம் கடக்க வேண்டிய சரக்குகளில் தப்பெண்ணம்தான் முதலிடம். மோதிரத்தையும் ஓலையையும் ஆசிரியரே நினைவுபடுத்துவார், ஒருவன் மனதில் தப்பாகப் பதிந்ததை அவ்வளவு அடிக்கடி நினைவுபடுத்த மாட்டார்.

நந்தினி யார் என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். எதை நம்புவது?

எதையும் முழுதாக நம்ப வேண்டாம், எதையும் தூக்கியும் எறிய வேண்டாம். ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் எழுதுங்கள்.

ஆழ்வார்க்கடியான் அவளைத் தன்னோடு வளர்ந்த தங்கை என்கிறான். கரிகாலன் பார்த்திபேந்திரனிடம் சொல்வது காதலித்து இழந்தவனின் கதை, குற்ற உணர்வும் அதில் கலந்திருக்கிறது. நந்தினி தன்னைப் பற்றிச் சொல்வது கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறும். சுந்தர சோழர் நந்தினியைப் பற்றிப் பேசுவதே இல்லை. இளமையில் ஒரு தீவில் கண்ட ஊமைப் பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறார், அவள் இறந்துவிட்டாள் என்று உறுதியாக நம்புகிறார். ஆனால் இரண்டாம் பாகத்தில் ஈழத்தில் வந்தியத்தேவன் ஒரு பெண்ணைப் பார்த்து, நந்தினிதானோ என்று திடுக்கிடுகிறான். அந்த இடத்தில் இரண்டு குறிப்பும் நோட்டில் அடுத்தடுத்து இருந்தால் போதும், வாசகர் ஆசிரியரைவிட ஒரு அடி முன்னே போய்விடலாம்.

சொல்கிறவர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்: தெரிந்து சொல்பவர், பாதி தெரிந்து முழுதாக நம்பிச் சொல்பவர், வேண்டுமென்றே மாற்றிச் சொல்பவர். சுந்தர சோழர் இரண்டாம் வகை. இந்த நாவலில் பெரிய கேடுகளைச் செய்வது பெரும்பாலும் அந்த வகைதான்.

பொருள்களில் எதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்?

இரண்டே இரண்டு. பழுவூர்ப் பனை இலச்சினை மோதிரமும், மீன் சின்னம் பொறித்த வாளும்.

மோதிரத்தை நந்தினிதான் வந்தியத்தேவனுக்குக் கொடுக்கிறாள், அதைக் காட்டித்தான் அவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான். அதே மோதிரம் அவனை யாருடைய ஆள் என்று மற்றவர்கள் சந்தேகிக்கவும் இடம் தருகிறது. எனவே அது இப்போது யார் கையில் என்பதோடு, அதை யார் பார்த்தார்கள் என்பதும் முக்கியம்.

வாள் மூன்றாம் பாகத்துக்குப் பெயரே கொடுத்தது. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் கரிகாலன் கையால் இறந்ததுதான் அதன் பின்கதை. திருப்புறம்பியம் பள்ளிப்படையில் அதற்குப் பழிவாங்க ரவிதாஸன் கூட்டம் எடுக்கும் சபதம் அந்த வாளோடு கட்டப்பட்டிருக்கிறது. வாள் வரும் ஒவ்வொரு காட்சியிலும் அது எந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். நான்காம் பாகத்தில் அது கடம்பூரை நெருங்க நெருங்கப் பக்கங்கள் தாமாகவே புரளும்.

பெயர்கள் குழப்புகின்றன. இரண்டு பழுவேட்டரையர், ஒருவருக்கே மூன்று பெயர்.

பெரிய பழுவேட்டரையர் தனாதிகாரி, நந்தினியின் கணவர். சின்னவர் காலாந்தக கண்டர், தஞ்சைக் கோட்டைத் தலைவர், நந்தினியை நம்பாதவர். அண்ணன் தம்பி இருவரையும் பிரித்தறிய அந்தக் கடைசிச் செய்தியே போதும். அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வன், பின்னாளில் இராஜராஜன் மூன்றும் ஒருவரே.

நாங்கள் டெல்டாக்காரர்கள். ஊர்கள் தெரிந்திருப்பது உதவுமா?

நன்றாக உதவும், ஆனால் பலர் அதைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய ஊரோடு பொருத்திப் பார்ப்பது சுற்றுலாவுக்கு நல்லது. கதைக்கு வேண்டியது எந்த ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்பது.

கடம்பூரும் வீரநாராயண ஏரியும் கொள்ளிடத்துக்கு வடக்கே. குடந்தை, பழையாறை, தஞ்சை தெற்கே. திருப்புறம்பியம் குடந்தைக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு இப்பால். நாகப்பட்டினமும் கோடிக்கரையும் கடலோரம், தஞ்சையிலிருந்து நல்ல தொலைவு. நோட்டின் பின்னட்டையில் கொள்ளிடத்துக்கு ஒரு கோடு, கடற்கரைக்கு ஒரு கோடு போட்டு இந்தப் பெயர்களைக் குறித்துவிடுங்கள். நான்காம் பாகத்தின் முக்கிய ஆட்டம் கொள்ளிடத்துக்கு வடக்கே நடக்கிறது, அரசரும் குந்தவையும் தெற்கே இருக்கிறார்கள். ஐந்தாம் பாகத்தில் புயலும் வெள்ளமும் வந்து கரை உடையும்போது யார் யாரிடமிருந்து அறுபட்டுப்போனார்கள் என்பது அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தாலே விளங்கும்.

நாட்கணக்குக்கும் தண்ணீரே துணை. கதை தொடங்குவது ஆடிப் பதினெட்டு. அது குடகு மழையால் மேற்கிலிருந்து வரும் புது வெள்ளம், ஊர் அதைக் கொண்டாடுகிறது. ஐந்தாம் பாகத்துத் தண்ணீர் கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவது. இடைப்பட்ட காலம் சில மாதம்தான். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் படிப்பதால் பல வருஷம் ஓடிவிட்டதுபோல் தோன்றும். அந்த மயக்கத்தில்தான் "இவ்வளவு நாளாக ஏன் யாரும் அரசரிடம் சொல்லவில்லை?" என்று கோபம் வரும். சொல்ல அவகாசமே இல்லாத அளவுக்கு நாட்கள் நெருக்கமானவை.

வேறு வேறு பதிப்பு கலந்து படித்தால் குறிப்பு பொருந்துமா?

பக்க எண்ணை எழுதினால் பொருந்தாது. நாட்டுடைமை ஆன நூல் என்பதால் பதிப்புகள் ஏராளம், எழுத்தின் அளவும் தாளும் ஒவ்வொன்றிலும் வேறு. பாகம், அத்தியாய எண், அத்தியாயத் தலைப்பு என்று எழுதுங்கள். முதல் பாகம் 57 அத்தியாயம், இரண்டாவது 53, மூன்றும் நான்கும் 46, ஐந்தாவது 91. கையில் உள்ள பிரதியில் இந்தக் கணக்கு இடித்தால் அது சுருக்கப் பதிப்பாக இருக்கலாம், பொருளடக்கத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் பாகம் மட்டும் ஏன் இவ்வளவு நீளம்? நடுவில் சோர்ந்துபோகிறது.

மற்ற பாகங்களில் ஏறக்குறைய இரண்டின் அளவு அது. முன்பு கட்டிவைத்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியிருப்பதால் அப்படி. அதை ஒரே பாகமாகப் பார்க்காமல் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வெள்ளம் வடியும் வரை, கடம்பூர் இரவு முடியும் வரை, அதன் பிறகு மீதி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பழைய நான்கு குறிப்பையும் புதுப்பியுங்கள். இங்கே ஒரு வேறுபாடு உண்டு: முந்தைய பாகங்களில் புதிய வரிகள் சேர்ந்துகொண்டே போகும், இதில் பழைய வரிகளை அடித்துக்கொண்டே வர வேண்டும். கடைசி அத்தியாயம் முடிந்தும் அடிபடாமல் சில வரிகள் நிற்கும். அவற்றில் சிலவற்றை ஆசிரியர் முடிவுரையில் எடுத்துப் பேசுகிறார், அதைத் தவறவிடாதீர்கள். ஒரு பெரிய வரியை மட்டும், கடம்பூர் இரவில் நடந்தது யார் கையால் என்ற கேள்வியை, அவர் ஐயத்துக்கு இடமில்லாமல் முடித்துவைக்கவில்லை. உங்கள் நோட்டில் குறை என்று எண்ண வேண்டாம்.

முதலில் சோழர் வரலாறு படித்துவிட்டு வரலாமா?

வேண்டாம். அரியணை யாருக்குப் போனது என்று முன்பே தெரிந்துவிடும். முடித்த பிறகு, காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது குறிப்பிடுபவர்களில் ரவிதாஸன் பெயரும் உண்டு. கதையில் ஆந்தைக் குரல் எழுப்பிய மந்திரவாதி அந்தக் கல்லிலிருந்துதான் எழுந்துவந்தான். ஆனைமங்கலம் என்ற ஊரும் அப்படித்தான்: நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு அந்த ஊரை இராஜராஜன் விட்டுக்கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது.

படம் இரண்டு பாகமும் பார்த்துவிட்டேன். நேராக மூன்றாம் பாகத்திலிருந்து படிக்கலாமா?

முடியாது. 2022, 2023-ல் வந்த படங்கள் கதையைச் சுருக்கியிருக்கின்றன, மணிமேகலையே அதில் இல்லை. அவள் இல்லாமல் நான்காம் பாகத்துக் கடம்பூர் நிற்காது, நாவலின் கடைசி அத்தியாயமும் நிற்காது. முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். படத்தில் பார்த்த முகங்களை வைத்துக்கொள்வதில் தவறில்லை, "இவனுக்கு இது தெரியும்" என்ற கணக்கைப் படத்திலிருந்து எடுக்காதீர்கள்.